ஐந்நூற்று இருபத்திரண்டு ரூபாய்க் கடிதம்

ஏசுபாதம் பூஞ்சேரிக்காரர். அப்பா ஒரு பண்ணையில் தானியக் கூலிக்குப் படியாளாக இருந்து செத்தவர். பாதிரியார் நடத்திய பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்ததால் ஏசுபாதத்துக்குக் கணக்கு எழுத வந்தது. அதை வைத்துக்கொண்டு சவுக்குத் தோப்புகளில் வெட்டாட்களுக்கு மேஸ்திரியானார். கடற்கரையோரம் எந்தத் தோப்பில் எத்தனை டன் விறகு தேறும் என்று ஒரு சுற்று நடந்து பார்த்தே சொல்லிவிடுவார். சொன்னதற்கும் தேறியதற்கும் ஐந்து டன்கூட வித்தியாசம் இருந்ததில்லை. நாற்பது வயதுக்குள் நாற்பது சென்ட் நிலம் வாங்கினார். அவர் வம்சத்தில் சொந்த மண் வாங்கிய முதல் ஆள் அவர்தான்.

1955 ஆடி மாதத்தில் மூன்று பேர் கூட்டாகச் சேர்ந்து சதுரங்கப்பட்டினம் போகும் வழியில் பன்னிரண்டு ஏக்கர் சவுக்குத் தோப்பை வெட்டு குத்தகைக்கு எடுத்தார்கள். ஒருவர் செங்கல்பட்டு ராஜகோபாலன், ஊரார் வாயில் ஐயர். சென்னையில் விறகு மண்டிக்காரர்களோடு பழக்கம் உள்ளவர். விற்றுப் பணம் வாங்குவது அவர் பொறுப்பு. இரண்டாமவர் அப்பாசாமி. கால்வாயில் இரண்டு படகு ஓட்டுபவர். விறகைச் சென்னைக்குக் கொண்டுபோவது அவர் வேலை, அதற்குத் தனியாகப் படகு வாடகை. மூன்றாவது ஏசுபாதம். ஆள் விட்டு வெட்டி, கால்வாய்க் கரையில் அடுக்கித் தர வேண்டும். ஆளுக்கு அறுநூறு ரூபாய் முதல். செலவும் லாபமும் மூன்றில் ஒரு பங்கு. இவ்வளவுதான் பத்திரத்தில் இருந்தது. முதல் தீர்ந்துபோனால் அடுத்த செலவை யார் போடுவது, எப்போது போடுவது என்று ஒரு வரிகூட இல்லை.

போட்ட முதல் பணம் கார்த்திகையிலேயே தீர்ந்தது.

அந்தக் கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் மழை. மூன்றாம் நாள் மத்தியானம் கால்வாய் கரை தாண்டிவிட்டது. அடுக்கி வைத்திருந்த விறகின் கீழ் வரிசை மிதக்க ஆரம்பித்தது. செங்கல்பட்டுக்கு ஆள் அனுப்பி ராஜகோபாலனைக் கேட்டு வர அவகாசமில்லை. ஏசுபாதம் பக்கத்துக் குப்பங்களில் அகப்பட்டவர்களையெல்லாம் இரட்டைக் கூலிக்குக் கூப்பிட்டு, இரண்டு நாளில் அவ்வளவு விறகையும் மேட்டுக்கு ஏற்றினார். நூற்று எண்பத்தாறு ரூபாய் ஆயிற்று, கைமாற்று வாங்கிக் கொடுத்தார். மார்கழியில் தோப்புக்காரருக்குக் குத்தகையின் இரண்டாம் தவணை நானூற்று ஐம்பது கட்ட வேண்டியிருந்தது. கட்டாவிட்டால் வெட்டை நிறுத்திவிடுவதாகத் தோப்புக்காரர் சொல்லியனுப்பினார். ராஜகோபாலன் மண்டியில் பணம் நிற்கிறது என்றார். அப்பாசாமி கையை விரித்தார். ஏசுபாதம் மனைவி சந்திரம்மாவின் சங்கிலியை இருநூற்று ஐம்பதுக்கு அடகு வைத்தார். நிலத்தை நானூறு ரூபாய்க்கு அவதிக் கிரயம் எழுதிக் கொடுத்தார். பங்குனி முடிவதற்குள் வட்டியோடு பணம் திருப்பாவிட்டால் நிலம் வாங்கினவருக்கே சொந்தம் என்பது அந்தப் பத்திரத்தின் பொருள்.

விறகு விற்ற பணத்தை ராஜகோபாலன் ஒவ்வொரு படகுக்கும் மூன்றாகப் பிரித்து ஒழுங்காக அனுப்பினார். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் செலவைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்பார். தன் பங்கில் வந்ததை ஏசுபாதம் அப்படியே வெட்டாட்களுக்குக் கூலியாகக் கொடுத்தார். ஒரு வாரக் கூலிகூட அவர் பாக்கி வைக்கவில்லை.

மாசியில் வெட்டு முடிந்தது. கரையில் ஒரே ஒரு அடுக்கு மிச்சம். நானூற்று ஐம்பது ரூபாய் பெறும். நிலத்துக்குக் கெடு முடிய ஒன்றரை மாதம்கூட இல்லை. நிலத்தை எழுதி வாங்கினவர் ஒருநாள் கயிற்றோடு வந்து நான்கு பக்கமும் அளந்துவிட்டுப் போனார். அன்று முழுக்க ஏசுபாதம் சாப்பிடவில்லை. மறுநாள் பள்ளிக்கூட நோட்டுத் தாளில் கூட்டாளிகள் இரண்டு பேருக்கும் ஒரு கடிதம் எழுதினார்.

அந்தக் கடிதம் இப்படி இருந்தது:

"ராஜகோபாலன் அப்பாசாமி இருவருக்கும். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து என்னை ஏமாற்றிவிட்டீர்கள். நான் ஏழை என்றும் இன்ன சாதி என்றும் தெரிந்துதான் இப்படிச் செய்தீர்கள். என் கைக்காசு 956 ரூபாய், எட்டு மாதம் மேஸ்திரி சம்பளம் 240, மொத்தம் 1196 ரூபாய் எட்டு நாளில் வர வேண்டும். வராவிட்டால் மிச்ச விறகை நான் எடுத்துக்கொள்வேன். படகு கரைக்கு வந்தால் நடப்பதே வேறு."

அதைத் தபாலில் போடுவதற்குச் சந்திரம்மா விடவில்லை. அவளுக்கு எழுத்துத் தெரியாது. படிக்கச் சொல்லிக் கேட்டாள். கேட்டுவிட்டு, இதைப் பார்த்ததும் ஐயரு போலீசுக்குத்தான் போவாரு என்றாள். மார்கழிக் கடைசியில் அவள் குறைப்பிரசவமாகிச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தவள். இன்னும் முகத்தில் ரத்தம் ஏறவில்லை. வக்கீல் குமாஸ்தா யாரிடமாவது காட்டிவிட்டு அனுப்பச் சொன்னாள்.

செங்கல்பட்டுக் கோர்ட்டுக்கு எதிரே ஒரு வக்கீல் வீட்டில் அருணகிரி என்றொருவர் குமாஸ்தாவாக இருந்தார். ஏசுபாதத்தின் வயதுதான் இருக்கும். இருபது வருஷமாக மனு எழுதி எழுதி விரல் வளைந்துபோனவர். ஒரு ரூபாய் கூலி பேசிக்கொண்டு கடிதத்தை வாங்கிப் படித்தார். படித்துவிட்டு மடித்து வைத்தார்.

முதலில் கேஸ் போடலாமா என்றுதான் ஏசுபாதம் கேட்டார். கூட்டு பதிவாகியிருக்கிறதா என்று அருணகிரி கேட்டார். இல்லை. பதிவில்லாத கூட்டில் ஒரு கூட்டாளி மற்றவனிடம் இன்ன தொகை வர வேண்டும் என்று நேரே கேஸ் போட முடியாது, கூட்டைக் கலைத்துக் கணக்குத் தீர்க்கச் சொல்லித்தான் போட முடியும், அதற்குக் கோர்ட் கமிஷனர் போட்டு கணக்குப் பார்த்துத் தீர்ப்பு வர இரண்டு மூன்று வருஷமாவது ஆகும் என்று விளக்கினார். பங்குனிக்குள் ஒன்றும் நடக்காது.

கோர்ட் இருக்கிறது என்ற ஒரு தைரியத்தில்தான் ஏசுபாதம் இத்தனை நாள் பொறுத்திருந்தார்.

"அப்ப நான் இன்னா பண்றது? நெலம் போயிடும். அது போச்சுன்னா நான் மறுபடியும் எங்கப்பன் மாதிரி ஒருத்தன் களத்துல நிக்கணும்."

"கேஸுதான் முடியாதுன்னேன். கடுதாசி முடியாதுன்னு சொல்லலியே" என்றார் அருணகிரி. "ஆனா இந்தக் கடுதாசி ஒதவாது. நீ கேக்குற ஆயிரத்து நூத்துத் தொண்ணூத்தாறுல ஐயரு மொதல்ல எதப் புடிப்பாரு தெரியுமா? மேஸ்திரி சம்பளத்த. பத்திரத்துல சம்பளம்னு இருக்குதா?"

இல்லை. பேசிக்கொள்ளாமல் கூட்டாளி தன் உழைப்புக்குச் சம்பளம் கேட்க முடியாது என்றார் அருணகிரி. அந்த இருநூற்று நாற்பதை அடித்தார். அடுத்து, செலவு மூன்று பங்கு என்றால் அதில் ஒரு பங்கு ஏசுபாதத்துடையதுதானே, தன் கையிலிருந்து போனது அத்தனையும் திரும்பி வர வேண்டும் என்று கேட்பது எப்படி நியாயம் என்று கேட்டார். ஏசுபாதம் அதை நினைத்தே பார்க்கவில்லை. ராத்திரி பகலாக அந்த 956 அவர் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதில் தன் பங்கும் இருக்கிறது என்பது தோன்றவேயில்லை. மற்ற இரண்டு பேரும் முதலுக்கு மேல் என்ன போட்டார்கள் என்பதையும் எழுத வேண்டும் என்றார் அருணகிரி. ராஜகோபாலன் மண்டியில் இறக்கு கூலியும் தரகும் இருநூற்றுப் பத்து கொடுத்திருந்தார். அப்பாசாமி கால்வாய்ச் சுங்கம் அறுபத்து நான்கு கட்டியிருந்தார். படகுக்குக் கீல் பூசிய நூற்று ஐம்பதையும் அப்பாசாமி அவ்வப்போது சொல்லிக் காட்டுவார். ஆனால் வாடகை வாங்குகிற படகின் பழுது படகுக்காரர் செலவுதான். அதைச் சேர்க்க வேண்டாம், ஏன் சேர்க்கவில்லை என்று மட்டும் மரியாதையாக ஒரு வரி எழுதிவிடலாம் என்றார்.

பிறகு ஏசுபாதத்தின் கூலி நோட்டைக் கேட்டு வாங்கினார். பக்கம் பக்கமாகப் புரட்டி, விரல் ரேகைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார்.

"மார்கழி கடேசி வாரம். தெனம் பன்னெண்டு ஆளு வெட்டுன எடத்துல இருபது ஆளுன்னு போட்டுக்கினு கீற. எட்டு ரேகையும் ஒரே கட்டவெரலு மாதிரி கீது. யாருது இது?"

ஏசுபாதம் தன் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார்.

"என்னுதுதான்" என்றார் கடைசியில். "சந்திரம்மா ஆஸ்பத்திரில கெடந்தா. மருந்துக்கும் ஊசிக்கும் முப்பத்தாறு ரூபா. அந்த வாரம் என் பங்குல வந்த பணத்துல எடுத்தேன். எப்பிடி எழுதுறதுன்னு தெரில. கூலின்னு எழுதிட்டேன்."

அருணகிரி அவரைத் திட்டவில்லை. இதை எடுத்துவிடலாம், அல்லது உள்ளதை உள்ளபடி எழுதலாம், விட்டுவைக்க மட்டும் முடியாது என்றார். ராஜகோபாலன் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர். இந்த எட்டு ரேகையைக் கண்டுபிடித்தால் மழையில் கொடுத்த நூற்று எண்பத்தாறும் பொய்யாகிவிடும், தவணை கட்டியதுகூட நம்பிக்கையில்லாமல் போகும். சத்தம் போடாமல் எடுத்துவிடுவது சுலபம். ஆனால் கணக்குப் புத்தகத்தைப் பார்க்க அவர்களுக்கு உரிமை உண்டு. பார்க்க வாருங்கள் என்று எழுதாமல் பணம் கேட்டால் கடிதத்துக்கு மதிப்பே இல்லை. எதைச் செய்வது என்று ஏசுபாதமே யோசிக்கட்டும் என்று சொல்லி அனுப்பினார்.

அன்று பஸ்ஸுக்குப் போகாமல் திருக்கழுக்குன்றம் வரை ஏசுபாதம் நடந்தார். முப்பத்தாறை எழுதினால் ராஜகோபாலன் போலீசுக்குப் போகலாம். திருட்டுக் கணக்கு என்று ஒரு சொல் ஊரில் விழுந்தால் இனி எந்தத் தோப்புக்காரரும் அவரை நம்பி வெட்டு கொடுக்க மாட்டார்கள். எழுதாவிட்டால் மற்றக் கணக்கையும் நம்ப மாட்டார்கள், நிலம் போகும். வழியில் ஒரு ஏரிக்கரையில் உட்கார்ந்தார். தண்ணீர் கரை வரைக்கும் இருந்தது. எழுந்து போக வெகுநேரம் ஆயிற்று. அங்கே என்ன நினைத்தார் என்பதைப் பின்னால் அவர் யாரிடமும் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்து சந்திரம்மாவிடம் சொன்னார். அந்த முப்பத்தாறு ரூபாயைப் பற்றி அவளுக்கு அதுவரை தெரியாது. கேட்டுவிட்டு அடுப்பைப் பார்த்தபடி நின்றாள்.

"எனுக்குன்னு எடுத்த காசு. நானே வந்து சொல்லட்டுமா ஐயருகிட்ட?"

வேண்டாம் என்றார் ஏசுபாதம். தானே எழுதிக்கொள்வதாகச் சொன்னார்.

மறுநாள் அருணகிரியும் அவரும் உட்கார்ந்து புதிதாக எழுதினார்கள். முதல் தடவை எழுதியதில் "நீங்கள் தர மறுத்ததால்" என்றிருந்தது. மறுக்கவில்லையே, கடைசியில் பார்க்கலாம் என்றுதானே சொன்னார்கள் என்று அருணகிரி கேட்டார். அதை "அப்போது உங்களால் தர இயலாததால்" என்று மாற்றினார்கள். சாதி பற்றிய வரியை எடுப்பதற்கு ஏசுபாதம் ஒப்பவில்லை. அது உண்மை என்றார். உண்மைதான், ஆனால் அதற்கு ரசீது இல்லை, ரசீது உள்ளதை மட்டும் எழுதினால் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்றார் அருணகிரி. கடைசியில் ஏசுபாதமே பேனாவை வாங்கி அந்த வரியை அடித்தார். அடிக்கும்போது தாள் கிழிந்தது. வேறு தாளில் எழுதினார்கள்.

கடைசியாக நின்ற கடிதம் இது:

"கூட்டாளிகள் திரு. ராஜகோபாலன், திரு. அப்பாசாமி இருவருக்கும் ஏசுபாதம் வணக்கத்துடன் எழுதுவது. நம் கூட்டில் செலவு சமபங்கு என்பது ஒப்பந்தம். முதல் தீர்ந்த பிறகு அவரவர் போட்ட செலவு: நான், தோப்புத் தவணை 450, மழையில் விறகு ஏற்றிய கூலி 186, வெட்டுக் கூலி 284, ஆக 920. திரு. ராஜகோபாலன் 210. திரு. அப்பாசாமி 64. மொத்தம் 1194. ஒருவர் பங்கு 398. ஆகவே நான் கூடுதலாகப் போட்டது 522. திரு. ராஜகோபாலன் தர வேண்டியது 188. திரு. அப்பாசாமி தர வேண்டியது 334. படகுப் பழுது வாடகையில் அடங்கும் என்று எண்ணிச் சேர்க்கவில்லை. வேறு எண்ணம் இருந்தால் பேசலாம்.

மழையன்று உங்களைக் கேட்காமல் கூலி கொடுத்தேன். கேட்க நேரமில்லை, கேட்டுக்கொண்டிருந்தால் விறகு போயிருக்கும். மார்கழியில் என் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தபோது என் பங்கில் வந்த 36 ரூபாயைச் செலவழித்து, கூட்டுக் கூலி என்று தவறாக எழுதிவிட்டேன். அது என் தவறு. மேலே கண்ட கணக்கில் அதைக் கழித்துவிட்டேன். நோட்டும் ரசீதுகளும் என்னிடம் உள்ளன. எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம்.

கரையில் உள்ள கடைசி அடுக்கை வழக்கம்போல விற்று, உங்கள் பங்கை இந்தப் பாக்கிக்கு வரவு வைக்கலாம் என்பது என் யோசனை. பங்குனி பத்துக்குள் முடித்தால் கூடுதலாகப் போட்ட பணத்துக்கு வட்டி கேட்க மாட்டேன். ஒத்து வராவிட்டால் மூவருக்கும் பொதுவான ஒருவரை நீங்களே சொல்லுங்கள். அவர் சொல்வதற்குக் கட்டுப்படுகிறேன். என் நிலம் பங்குனிக் கெடுவில் இருப்பதால் விரைவாகப் பதில் வேண்டுகிறேன்."

மிரட்டல் எதுவும் இல்லை. இரண்டு பிரதியாக எழுதி இருவருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினார். முப்பத்தாறு ரூபாய் வரியை எழுதும்போது மட்டும் ஏசுபாதத்தின் எழுத்து ஒரு பக்கம் சாய்ந்து போனது.

பதினாறு நாள் பதில் இல்லை. அந்தப் பதினாறு நாளில் அவர் பாதியாக இளைத்தார். தபால்காரர் தெருவுக்குள் நுழைந்தால் வீட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். பதினேழாம் நாள் ராஜகோபாலன் எழுதியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வரலாம், நோட்டைக் கொண்டு வர வேண்டும் என்று இரண்டே வரி. தன் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார். அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ஏசுபாதம் கொல்லைப்பக்கம்தான் நிற்பார். இந்தத் தடவை அருணகிரியின் வக்கீல் வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று பதில் எழுதினார். ராஜகோபாலன் மறுக்கவில்லை.

அங்கே மூன்று பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ராஜகோபாலன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டை முழுக்கப் பார்த்தார். எட்டு ரேகை இருந்த பக்கத்தில் அவர் விரல் நின்றது. அடுத்த பக்கத்தைப் புரட்டினார். பிறகு மழைக் கூலியில் வந்து நின்றார்.

"இரட்டைக் கூலி. யாரைக் கேட்டுக் கொடுத்தே?"

ஏசுபாதம் வாய் திறப்பதற்குள் அப்பாசாமி பேசினார். அவருக்குப் படிக்கத் தெரியாது. கடிதத்தைக் கணக்குப்பிள்ளை ஒருவர் அவருக்கு இரண்டு தடவை படித்துக் காட்டியிருந்தார்.

"சாமி, அன்னிக்கு என் படகு கட்டுக் கயிறு அறுந்து நானே கெடந்து அலறிக்கினு இருந்தேன். மேஸ்திரி ஏத்தலன்னா வெறகு கடலுக்குத்தான் போயிருக்கும். அந்தக் கூலி சரிதான்."

அவர் அதைச் சொல்வார் என்று ஏசுபாதம் எதிர்பார்க்கவில்லை. அதைச் சொல்வதால் தன் கையிலிருந்தும் பணம் போகும் என்று தெரிந்தே சொன்னார். ராஜகோபாலன் கொஞ்ச நேரம் கணக்கைக் கூட்டிப் பார்த்தார். கூட்டுத்தொகை சரியாக வந்தது.

"முப்பத்தாறைப் பத்தி நீயா எழுதலேன்னா நான் இங்கே வந்திருக்க மாட்டேன்" என்றார். "நான் நோட்டைப் பார்க்கணும்னு நெனச்சுண்டுதான் இருந்தேன்."

அதைப் பாராட்டு என்று சொல்ல முடியாது. அவர் முகத்தில் சிரிப்பில்லை.

நூற்று எண்பத்தெட்டை ராஜகோபாலன் ஒரு வாரத்தில் அனுப்பிவிட்டார். கடைசி அடுக்கு நானூற்று ஐம்பதுக்கு விற்றது. ஏசுபாதத்தின் பங்கு நூற்று ஐம்பது. அப்பாசாமியின் பங்கு நூற்று ஐம்பதும் அவர் பாக்கிக்காக ஏசுபாதத்துக்கே வந்தது. ஆக நானூற்று எண்பத்தெட்டு. அவதிக் கிரயக்காரருக்கு வட்டியோடு நானூற்று நாற்பத்தெட்டு கொடுத்து, கெடு முடிய ஐந்து நாள் இருக்கும்போது நிலத்தை மீட்டார்.

கையில் நாற்பது ரூபாய் மிஞ்சியது. சங்கிலியை மீட்க அது எங்கே போதும்? அப்பாசாமி இன்னும் நூற்று எண்பத்து நான்கு தர வேண்டும். மாதம் இருபதாகப் படகு வாடகையில் தந்துகொண்டு வந்தார். ஆறு மாதம் தந்தார். ஐப்பசியில் படகு ஒன்று மதகில் மோதி உடைந்தது. அதற்கு மேல் அவரால் முடியவில்லை. மீதி அறுபத்து நான்கை ஏசுபாதம் கேட்கவுமில்லை, விட்டுவிட்டதாகச் சொல்லவுமில்லை. அந்த ஆறு மாதப் பணமும் சந்திரம்மாவின் மருந்துக்கே சரியாக இருந்தது. சங்கிலி அந்த வருஷக் கடைசியில் ஏலத்தில் போயிற்று. ஏலத்தன்று சந்திரம்மா நிலத்தில் வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தாள். ஏசுபாதம் வந்து சொன்னதும் தலையை மட்டும் ஆட்டினாள்.

அடுத்த வருஷம் ராஜகோபாலன் கல்பாக்கம் பக்கத்தில் ஒரு தோப்பு எடுத்தார். ஏசுபாதத்தைக் கூட்டுக்குக் கூப்பிட்டு ஆள் அனுப்பினார். முதல் தீர்ந்த பிறகு வரும் செலவை மாதக் கடைசியில் கூட்டாளிகள் எல்லாரும் பகிர்ந்துவிட வேண்டும், இல்லையென்றால் வேலை நிற்கும் என்று பத்திரத்தில் எழுதினால் வருகிறேன் என்று ஏசுபாதம் சொல்லியனுப்பினார். ராஜகோபாலன் அதற்கு ஒப்பவில்லை. ஏசுபாதம் வேறொரு தோப்பில் நாள் கூலிக்கு மேஸ்திரியாகப் போய்ச் சேர்ந்தார்.